ஒரு பக்கக் கடிதம்

2023 யூலை 24 அன்று ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் தடம் புரண்டது. அந்தப் பாதை பிறகு திறக்கப்படவேயில்லை. மல்வேனிலிருந்து நகர மையத்திலுள்ள எங்கள் காப்புறுதி அலுவலகத்துக்குப் போய்வர, பஸ்ஸும் ரயிலுமாக எனக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வீட்டில் அம்மா தனிய. கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்பதென்று தீர்மானித்தேன்.

கனடாத் தொழிற் சட்டக்கோவையில் 2019 செப்டெம்பரிலிருந்து இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வேலை செய்தவர் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். அது வங்கி, விமானசேவை, தொலைத்தொடர்பு போன்ற மத்திய அரசின் கீழுள்ள துறைகளுக்கு மட்டுமே. ஒன்ராறியோச் சட்டத்தின் கீழ் வேலை செய்யும் எனக்குப் பொருந்தாது. இருந்தாலும் அதையே மாதிரியாக எடுத்தேன். கேட்பவரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு: இந்த மாற்றத்தால் முதலாளிக்கு என்ன பாதிப்பு, அதை அவர் எப்படிச் சமாளிக்கலாம்?

என் கஷ்டத்தைக் கேட்டு மேலாளர் இரங்குவார்; ஆனால் இரக்கத்தைத் தன் மேலதிகாரிக்கு அனுப்ப அவரால் முடியாது. அனுப்பக்கூடிய ஒரு பக்கம் அவருக்குத் தேவை. ஆகவே அம்மாவையும் ரயிலையும் கடிதத்தில் எழுதவில்லை. செவ்வாயும் வியாழனும் வீட்டில் என்று முதல் வரியிலேயே கேட்டேன். அடுத்து இரண்டு பாதிப்புகள்: தபாலில் வரும் கடதாசிகள், பக்கத்து மேசையில் வேலை பழகும் புதியவரின் கேள்விகள். தபாலை மற்ற மூன்று நாட்களில் பார்ப்பேன். வீட்டு நாட்களில் பத்து மணியிலிருந்து பதினொரு மணிவரை அவருடைய அழைப்புக்காகவே இருப்பேன்.

கடைசியாகப் பரீட்சார்த்த காலம், எட்டுக் கிழமை. கிழமைக்கு முடித்த கோப்புகள், முதற் பதிலுக்கு எடுத்த நேரம், திருத்தத்துக்குத் திரும்பிய கோப்புகள் என்று அலுவலகம் ஏற்கெனவே எண்ணுகிற மூன்றை மட்டும் அளவுகோலாக வைத்தேன். முந்திய நான்கு கிழமைக் கணக்கையும் இணைத்தேன். அது இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமிராது. குளிரில் தண்ணீர்க் குழாய்கள் வெடித்துக் கோப்புகள் குவியும் ஜனவரியில் தொடங்கக் கேட்டேன். வேலை குறைந்த மாதத்தில் நடக்கும் பரீட்சையை யார் நம்புவார்? ஒரு கிழமை அறிவித்தலோடு அவர் எப்போதும் நிறுத்தலாம் என்றும் எழுதினேன். சம்மதித்த அன்றே மீளாய்வுத் திகதியை இருவரும் நாட்காட்டியில் குறித்தோம். முடிவுத் திகதி இல்லாத பரீட்சை யாரோ அனுப்பும் ஒரு சுற்றறிக்கையோடு முடிந்துவிடும்.

எட்டுக் கிழமையில் கிழமைக்கு 31 ஆக இருந்த என் கோப்புகள் 33 ஆகின, திரும்பியவை கூடவில்லை. மேலாளர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார். புதியவரின் கோப்புகள் முன்பைவிட அதிகம் திரும்பியிருந்தன. “அவ உங்களுக்குப் போன் எடுக்கக் கூச்சப்படுறா” என்றார். பக்கத்தில் திரும்பிக் கேட்கிற சின்னக் கேள்விக்கு யாரும் தொலைபேசி எடுப்பதில்லை. என் மூன்று எண்களில் அது தெரியவுமில்லை.

அவர் பழகி முடியும்வரை வியாழன் மட்டும் என்று முடிவானது. அதையும் எழுத்தில் வாங்கினேன், அடுத்த மீளாய்வுத் திகதியோடு.