சிங்கானியா தேநீர் அருந்த வருகிறார்

நாடகத்தில் ஒரு பாத்திரம் ‘சர்க்கரை போதுமா?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வி சர்க்கரையைப் பற்றியது அன்று என்பது அரங்கில் இருக்கும் அனைவருக்கும் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? சொல்லில் அதற்கான தடயம் எதுவும் இல்லையே. இந்த வினாவுக்கு விடை தேடுவோர் மோகன் ராகேஷின் ‘ஆதே அதூரே’ நாடகத்தில் வரும் ஒரே ஒரு காட்சியைப் பொறுமையாகப் பார்த்தால் போதும்.

1969இல் ஓம் சிவ்புரியின் இயக்கத்தில் ‘திஷாந்தர்’ குழுவினர் தில்லியில் மேடையேற்றிய இந்தி நாடகம் அது. தலைப்பை ‘அரைகுறைகள்’ என்று தமிழில் சொல்லலாம். வறுமைக்குச் சரிந்துகொண்டிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம். தொழிலில் தோற்று வீட்டில் முடங்கிய கணவன் மகேந்திரநாத். வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கும் மனைவி சாவித்திரி. வேலையில்லாத மகன் அசோக். இரண்டு மகள்கள். சாவித்திரி தன் மேலதிகாரி சிங்கானியாவை வீட்டுக்கு அழைத்திருக்கிறாள். மகனுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதே காரணம். காட்சியின் முழு விஷயமும் இவ்வளவுதான்.

ஆனால் அவர் வந்த பிறகு அந்த விஷயம் மட்டும் நேராகப் பேசப்படுவதில்லை. சிங்கானியா உலக விவகாரங்களை அளக்கிறார். ஒன்றைத் தொட்டு வேறொன்றுக்குத் தாவுகிறார். நடுவே தொடையைச் சொறிந்துகொள்கிறார். சாவித்திரி புன்னகை மாறாமல் கேட்கிறாள். இடைவெளி கிடைக்கும்போது மகனின் பக்கம் பேச்சைத் திருப்புகிறாள். நினைவிருக்கிறது என்கிறார் அவர். மறுகணமே மறந்துவிடுகிறார். மறதியா, மறந்ததான பாவனையா என்பதை நாடகம் சொல்வதில்லை, சொல்லாததே நல்லது. பாவனை என்று உறுதிப்பட்டால் அவர் வெறும் வில்லன் ஆகிவிடுவார். மறதி என்று உறுதிப்பட்டாலோ காட்சி நகைச்சுவையோடு முடிந்துவிடும்.

இதனைத் தமிழ் அகமரபோடு வைத்துப் பார்க்கத் தோன்றும். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்க, அவன் காதில் விழும்படி தோழி தலைவியிடம் பேசுவதைச் ‘சிறைப்புறம்’ என்பர். பேச்சு ஒருவருக்கு, பொருள் இன்னொருவருக்கு. இரவில் வந்து போவதை விடுத்து மணந்துகொள் என்பதைத் தோழி அவனிடம் நேரே சொல்வதில்லை. வழியின் ஏதத்தையும், ஊராரின் அலரையும் தலைவியிடம் சொல்கிறாள். அவன் புரிந்துகொள்வான் என்ற நம்பிக்கையில்தான் அந்த உத்தி நிற்கிறது.

ராகேஷின் காட்சியில் அந்த நம்பிக்கை இல்லை. சாவித்திரியின் உட்பொருள் சிங்கானியாவுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் வந்ததே அதற்காகத்தான். ஆகவே இங்கே மரியாதைச் சொற்கள் எதையும் மறைக்கவில்லை. அவை செய்யும் பணி வேறு. கேட்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளும் உரிமையை அவளுக்கும், மறுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அவருக்கும் அவை அளிக்கின்றன. உட்பொருள் என்றாலே ஒளித்துவைத்த பொருள் என்று பாடநூல்கள் விளக்குவது இந்த இடத்தில் போதவில்லை. இருவரும் அறிந்த ஒன்றை, இருவரும் அறியாததுபோல் சுமந்து நிற்பதுதான் இக்காட்சியின் வலி.

தமிழில் இதற்கு வாகான சொல் ஒன்று உண்டு: ‘பார்க்கலாம்’. ‘பார்க்கிறேன்’ என்று சொன்னவர் ஒரு பொறுப்பை ஏற்கிறார். நாளை போய்க் கேட்கலாம். ‘பார்க்கலாம்’ என்பதில் பார்க்கப்போகிறவர் யார் என்பதே இல்லை. கேட்டவர், சொன்னவர், காலம், ஊழ் என எவரும் அதற்கு எழுவாய் ஆகலாம். கரோல்பாகில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் இதே காட்சி நடப்பதாகக் கொள்வோம். ‘பையன் சும்மாதான் இருக்கான் சார், உங்க ஆசீர்வாதம் இருந்தா…’ என்று தாய் இழுக்கிறாள். ‘அதுக்கென்ன, பார்க்கலாம். காபி பிரமாதம்’ என்கிறார் வந்தவர். இரண்டாவது வாக்கியம்தான் விடை. பேச்சு காபிக்குத் திரும்பிவிட்டது. இனி அவள் மறுபடி மகனைப் பற்றிப் பேசினால் அது நச்சரிப்பாகும். ‘ஆசீர்வாதம்’ என்று அவள் தொடங்கியதும் கவனிக்கத்தக்கது. சிபாரிசு என்றால் கடன். ஆசீர்வாதம் என்றால் இரு தரப்புக்கும் செலவில்லை. அதனாலேயே கைக்கு ஒன்றும் வருவதில்லை.

சரி, பார்வையாளருக்கு இது எப்படி எட்டுகிறது? முதலாவதாக, சிங்கானியா வருவதற்கு முன்பே கணவனுக்கும் மனைவிக்கும் நடக்கும் உரசலில் வருகையின் நோக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டுப் படித்தால், பின்வரும் உரையாடல் சலிப்பூட்டும் தேநீர்ப் பேச்சாகவே தோன்றும். உரையாடலில் ஆழம் இல்லை என்று குறைபடும் பல கையெழுத்துப் பிரதிகளில் உண்மையான குறை உரையாடலில் இருப்பதில்லை. அதற்கு இரண்டு பக்கம் முன்னால் சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்தி விடுபட்டிருக்கும்.

அடுத்தது, அசோக். அவன் கையில் பென்சில் இருக்கிறது. தாயும் அதிகாரியும் பேசிக்கொண்டிருக்க, அவன் அந்த மனிதரைக் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டிருக்கிறான். மேடையில் பேசப்படுவது ஒன்று, காகிதத்தில் உருவாவது மற்றொன்று. ராகேஷ் பாத்திரத்தின் மனத்தைத் தனிமொழியாக்கிக் கொட்டவில்லை; ஒரு சாட்சியை உட்காரவைத்தார். விருந்தினர் போன பிறகு சித்திரம் சாவித்திரியின் கண்ணில் படுகிறது. அதுவரை புன்னகையின் அடியில் கிடந்ததெல்லாம் மேலே வருகிறது. யாருக்காக இந்த மனிதர்களை அழைக்கிறேன் என்று அவள் கொதிக்கிறாள். இவர்கள் வருவதாலேயே நாங்கள் எங்கள் கண்ணுக்கே இன்னும் சிறியவர்களாகிறோம் என்னும் பொருள்பட மகன் பதில் சொல்கிறான். அங்கே உட்பொருள் முடிந்து சண்டை தொடங்குகிறது. வேறுபாட்டை அறிவது எளிது: எதிரிலிருப்பவர் மேற்சொல்லுக்கு விடை சொல்லும்வரை உட்பொருள் உயிரோடிருக்கிறது; அடியிலிருப்பதற்கு விடை சொன்ன கணத்தில் அது தீர்ந்துவிடுகிறது.

நடிகர்கள் தவறுவதும் இங்கேதான். ஒத்திகையில் ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே அதன் உள்வாக்கியத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்வது பழைய பயிற்சி, நன்மையானதும்கூட. ஆனால் மேடையில் அந்த உள்வாக்கியத்தையே நடித்துக் காட்டினால், சாவித்திரியின் புன்னகையில் கெஞ்சல் வழியத் தொடங்கும். நிஜத்தில் கெஞ்சுகிறவர் கெஞ்சுவது தெரியாமலிருக்கவே பாடுபடுவார். நன்றாக உபசரிப்பதில் மட்டும் முழு மனத்தையும் செலுத்தும் நடிகையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

மகேந்திரநாத் இந்தத் தேநீரில் இல்லை. சிங்கானியா வருகிறார் என்று தெரிந்ததும், தனக்கு வெளியே ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு இத்தகைய மனிதர்கள் வரும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். அதுவும் மரியாதையான வாக்கியம்தான். அதன் அடியில் கிடப்பதை மனைவியும் அறிவாள், பிள்ளைகளும் அறிவார்கள். ராகேஷ் இன்னொன்றும் செய்தார். கணவன், சிங்கானியா, பின்னர் வரும் ஜக்மோகன், ஜுனேஜா ஆகிய அனைவரையும் ஒரே நடிகர் ஏற்க வேண்டும் என்று வகுத்தார். காரணம் சொல்லி வெளியேறிய அதே மனிதர், சற்று நேரத்தில் உடை மாற்றி, விருந்தினராக அதே நாற்காலியை நோக்கி வருகிறார். சாவித்திரி எழுந்து வரவேற்கிறாள்.