கல்லுக்கு ஏற்ற குழி



புதுச்சேரியிலுள்ள எங்கள் இல்லத்தில், உள்ளங்கையளவே ஆன வெண்பளிங்குப் பெட்டி ஒன்று உண்டு. அதன் மூடியில் ஆறு இதழ் கொண்ட செம்மலர் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். மர்ஹூம் வாப்பா அவர்கள் ஆக்ராவிலிருந்து உம்மாவுக்காக வாங்கி வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் கை தவறி அது கீழே விழுந்தது. ஓர் இதழ் தெறித்துக் காணாமற் போயிற்று. உம்மா அறியாதபடி அந்தக் குழியில் சிவப்பு அரக்கை உருக்கி நிரப்பி வைத்தேன். பார்வைக்குப் பழுது தெரியவில்லை. ஆனால் உம்மா மூடியை விரலால் ஒருமுறை தடவியதுமே புன்னகைத்து, "ஐந்து இதழ் குளிர்கிறது, ஒன்று மட்டும் குளிரவில்லையே!" என்றார்கள்.

உம்மா மறைந்த பின் ஆக்ரா செல்லும் வாய்ப்புக் கிட்டியது. பெட்டியையும் எடுத்துச் சென்றேன்.

முதலில் யமுனைக் கரையிலுள்ள இஃதிமாதுத் தவ்லா கல்லறையைக் கண்டேன். 1622-ல் மறைந்த தம் தந்தை மிர்ஸா கியாஸ் பேக்கிற்காக, பேரரசி நூர்ஜஹான் எழுப்பி 1628-ல் நிறைவு செய்தது அது. பின்னர் தாஜ்மஹாலில், 1631-ல் மறைந்த மும்தாஜ் மஹலின் நினைவுக் கல்லில் பூத்திருக்கும் மலர்களைக் கண்டேன். அவற்றில் வண்ணப் பூச்சு எதுவுமில்லை. இதழின் அடியிலிருந்து நுனி வரை வெளிறிச் செல்லும் சிவப்பு அகீக் கல்லின் இயற்கை நிறமே. ஒரே கல்லில் நிறம் எங்கே அடர்ந்து எங்கே மங்குகிறது என்று தேடி, அந்த இடத்தில் இதழை வெட்டி எடுத்திருக்கிறார்கள். நீலத்திற்கு ஆப்கானிஸ்தானத்து லாஜ்வர்த் கல். அடித்தளமோ ராஜஸ்தானத்து மக்ரானா பளிங்கு.

தாஜ்கஞ்ச் பகுதியில், இன்றும் இத்தொழில் செய்யும் முதிய கலைஞர் ஒருவரிடம் பெட்டியைக் காட்டினேன். பர்ச்சீன்காரி எனப்படும் அக்கலையை, என் அரைகுறை உருதுக்கு இரங்கி, அவர் பொறுமையாக விளக்கினார்.

சகோதரிகளே, பளிங்கில் குழி வெட்டிவிட்டு, அதற்கேற்பக் கல்லை நறுக்குவார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். முறையோ நேர்மாறானது! முதலில் கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, நீரும் குருந்தப்பொடியும் இட்ட சாணைச் சக்கரத்தில் தேய்த்து இதழாக்குகிறார்கள். பளிங்கின் மீது, கழுவினால் போய்விடும் சிவப்புச் சாயத்தைப் பூசி, அதன்மேல் இதழை வைத்து, கூர் ஊசியால் சுற்றிலும் கீறுகிறார்கள். சிவப்பில் வெண்கோடு தெளிவாய்த் தெரிகிறது. அக்கோட்டின் உட்புறமாகவே சிற்றுளியால் சில மில்லிமீட்டர் ஆழம் குடைந்து, பசையிட்டுக் கல்லைப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அதற்கென்றே பிறந்த குழி. ஆகவேதான் இணைப்பு கண்ணுக்குத் தென்படுவதில்லை.

குழி சற்றே அகன்றால், பசை கருங்கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஆழம் மிகுந்தால் கல் தாழ்ந்து, விரலுக்குப் பள்ளம் தட்டுப்படும். ஆழம் குறைந்தால் கல் மேலே துருத்தி நிற்கும். அப்போது மெருகிட்டுச் சமன் செய்துவிடலாமே என்று தோன்றும். அகீக்கோ பளிங்கைக் காட்டிலும் மிகக் கடினமானது. இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் முதலில் தேய்வது பளிங்கே. கல் முன்னிலும் துருத்தி நிற்கும். எனவே மெருகுக்கு முன்பே மட்டம் சரியாக இருந்தாக வேண்டும்.

பெட்டி உண்மைப் பளிங்குதானா என்றும் கேட்டேன். அவர் அடிப்பக்கத்தை நகத்தால் கீறிக் காட்டினார், தடம் விழவில்லை. நம் வீட்டுக் கல்சட்டி செய்யும் மாக்கல்லாக இருந்திருந்தால் நகம் பதிந்திருக்கும். பிறகு மூடியின் அடியில் டார்ச் விளக்கை ஏற்றினார். ஐந்து இதழ்களும் தணலாய்க் கனன்றன; என் அரக்கு மட்டும் கரிய நிழலாய்க் கிடந்தது. நாணத்தால் தலை குனிந்தேன்.

"மகளே, புதிதாய்ச் செய்வது எளிது, கல்லுக்கேற்ப உளி வளைந்து கொடுக்கும். இங்கே குழி முந்திவிட்டது. இனிக் கல்தான் வளைந்து கொடுக்க வேண்டும்" என்றார். அரக்கைச் சுரண்டியெடுத்தார். மெல்லிய காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்துக் குழியின் வடிவைப் பெற்றார். அதை அகீக் வில்லையில் ஒட்டிச் சாணையில் பிடித்தார். தேய்ப்பதும், பொருத்திப் பார்ப்பதும், மீண்டும் தேய்ப்பதுமாக அரை நாள் கழிந்தது. ஒருமுறை கூடுதலாய்த் தேய்ந்துவிட, அதை ஒதுக்கிவிட்டு வேறு வில்லையை எடுத்தார்.

இப்போது ஊரில், கண்களை மூடிக்கொண்டு மூடியைத் தடவிப் பார்க்கிறேன். ஆறு இதழ்களும் குளிர்கின்றன. எது புதியதென்று விரலுக்குத் தெரியவில்லை. விளக்கொளியில் பிடித்தால் மட்டும், ஓர் இதழ் சற்றே கூடுதலாய்ச் சிவந்து தெரிகிறது. அதை யாரிடமும் மறைப்பதில்லை. என் பிள்ளைகளிடம் நானே காட்டி, அரக்கின் கதையையும் சொல்கிறேன்.