குளிர்ந்த வியர்வை

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு மருந்தியலில் ஓர் அட்டவணை வரும். இடது பக்கம் உறுப்புகள்: கண்பாவை, இதயம், மூச்சுக்குழல், குடல், தோல். அடுத்த கட்டத்தில் சிம்பதெடிக் நரம்பு அந்த உறுப்பை என்ன செய்யும் என்று இருக்கும். அதற்கடுத்த கட்டத்தில் பாராசிம்பதெடிக் நரம்பு என்ன செய்யும் என்று இருக்கும். முதலாவது ஆபத்துக் காலத்துக்கு, இரண்டாவது ஓய்வு நேரத்துக்கு என்று சொல்லிக் கொடுப்பார்கள். தன்னியக்க நரம்பு மண்டலத்தின் மீது வேலை செய்யும் மருந்துகள் எல்லாம் இந்த இரண்டு கட்டங்களில் ஒன்றைத் தூண்டுபவை அல்லது தடுப்பவை. அட்டவணை மனத்தில் நின்றுவிட்டால் மருந்துகள் தானாக வந்துவிடும். நிற்பதுதான் கஷ்டம்.

எனக்கு அது நின்றது செங்கல்பட்டில் விடுதி அறையில் அல்ல, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு சவுக்குத் தோப்பு ஓரத்தில்.

திங்கட்கிழமை தேர்வு. சனி, ஞாயிறு தன் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்று தோழி கூப்பிட்டாள். அவளுடையது கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். செங்கல்பட்டில் ஏறிய பேருந்து திருக்கழுக்குன்றம் தாண்டி டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. மாமல்லபுரத்தில் இறங்கும்போது மணி பத்தேகால். ஷேர் ஆட்டோ இல்லை. அவள் அப்பாவும் தம்பியும் கடலுக்குப் போயிருந்தார்கள், வண்டி எடுத்து வர ஆளில்லை. "நான் எதிர்ல வரேன், நீங்க நடந்து வந்துகிட்டே இருங்க" என்றார் அவள் அம்மா போனில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம், பிறகு கடலை நோக்கிப் பிரியும் மண் பாதை. ஒரு பக்கம் ஏதோ ரிசார்ட்டின் நீண்ட மதில், மறுபக்கம் சவுக்கு. மொத்தம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

மண் பாதையில் திரும்பிய பிறகுதான் பின்னால் வந்த பைக்கைக் கவனித்தோம். இரண்டு பேர். எங்களைத் தாண்டிப் போனார்கள், தூரத்தில் நின்றார்கள், திரும்பி வந்து மறுபடி தாண்டினார்கள். மூன்றாவது முறை விளக்கை அணைத்துவிட்டார்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எங்கள் நடை வேகத்தில் பின்னால் வந்தது.

"திரும்பாதடி" என்றாள் அவள். பிறகு, கொஞ்சம் உரக்க, "இதயம்?"

எனக்குப் புரியவில்லை.

"இதயம் எப்படி அடிக்குது? எந்த ரிசெப்டர்?"

"பீட்டா ஒன்று."

"கை நடுங்குது பாரு. அது?"

"பீட்டா இரண்டு. எலும்புத் தசை."

"கை ஏன் சில்லுனு இருக்கு?"

"ஆல்ஃபா ஒன்று. தோலின் ரத்தக் குழாய் சுருங்குது."

"வியர்வை?"

இங்கேதான் எல்லா மாணவர்களும் தவறுவார்கள். வியர்வைச் சுரப்பிக்குப் போவது சிம்பதெடிக் நரம்பு. ஆனால் அதன் முனையில் சுரப்பது மற்ற இடங்களைப் போல நார்அட்ரினலின் அல்ல, அசிட்டைல்கோலின். அதாவது ஓய்வு நேரத்து நரம்பின் ரசாயனம். பயந்தவளின் கை ஒரே சமயத்தில் சில்லென்றும் ஈரமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். சில்லிடுவது ஒரு ரசாயனத்தால், ஈரமாவது வேறொன்றால். என் கையை அவள் பிடித்திருந்தாள். இரண்டும் அந்தக் கையில் இருந்தன.

மதில் ஓரம் ஊமத்தை பூத்திருந்தது. இருட்டில் வெள்ளையாக அது மட்டும் தெரிந்தது. அவள் விடவில்லை. "ஊமத்தை விதை தின்னவளுக்கும் கண்பாவை விரியும், இதயம் ஓடும், வாய் வறளும். நமக்கும் இப்ப அப்படித்தான். கேஷுவால்டியில ரெண்டு பேரும் வந்தா எப்படிப் பிரிப்ப?"

ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் அதன் உறவுக்கார ரசாயனங்களும். அவை அசிட்டைல்கோலினை வேலை செய்ய விடாது. அதனால் கண்ணைச் சுருக்கும் வட்டத் தசை தளர்ந்து கண்பாவை விரிந்துவிடும். டார்ச் அடித்தாலும் சுருங்காது. பயத்தில் நடப்பது வேறு. கண்பாவையை வெளிப்புறமாக இழுக்கும் ஆரத் தசையை ஆல்ஃபா ஒன்று முடுக்குகிறது, வட்டத் தசை நலமாகவே இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கண் சுருங்கும். ஆனால் டார்ச்சுக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு.

"தோலைத் தொட்டுப் பார்ப்பேன்" என்றேன். "ஊமத்தைன்னா வியர்க்காது. தோல் காய்ஞ்சு, சூடா, சிவந்து இருக்கும். பயம்னா ஈரமா, சில்லுனு இருக்கும்."

"ஒரு ப்ரோப்ரனலால் போட்டிருந்தா?"

மேடைப் பயத்துக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் சிலர் விழுங்கும் மாத்திரை அது. பீட்டா ஒன்றையும் இரண்டையும் அடைத்துவிடும். இதயம் அடங்கும், கை நடுக்கம் நிற்கும். "மீதி எல்லாம் அப்படியே இருக்கும்" என்றேன். கண்பாவையும் கையின் குளிர்ச்சியும் ஆல்ஃபாவின் வேலை. வியர்வை அசிட்டைல்கோலினின் வேலை. மாத்திரை அவற்றைத் தொடாது. "உனக்கு வீசிங் வேற இருக்கு. பீட்டா ரெண்டை அடைச்சா மூச்சுக்குழல் சுருங்கிடும். அதைத் தொடவே கூடாது நீ." இன்ஜின் சத்தத்தையும் எந்த மாத்திரையும் நிறுத்தாது என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பைக் முன்னால் வந்து குறுக்கே நின்றது. பின்னால் இருந்தவன் இறங்கினான். அடுத்து நடந்ததற்கு என்னிடம் அட்டவணையில் விடை இல்லை. ஓட வேண்டும் என்று தெரிந்தது. கத்த வேண்டும் என்றும் தெரிந்தது. கால் நகரவில்லை, தொண்டையில் சத்தம் வரவில்லை. தோழி என் கையை இழுத்ததைப் பார்த்தேன், ஆனால் அது வேறு யாருடைய கையோ போல இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. சவுக்குகளுக்கு அப்பால் டார்ச் வெளிச்சமும் பெண்களின் பேச்சுச் சத்தமும் கேட்டன. அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும். இறங்கியவன் ஏறிக்கொண்டான், பைக் போய்விட்டது.

ரத்தத்தில் அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியும் எனக்கு நடுக்கம் நிற்கவில்லை. நினைக்க நினைக்க மூளை மறுபடி மறுபடி சுரக்கச் சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் விவரம் கேட்டுவிட்டு அன்பாகத்தான் சொன்னார்: "ஏம்மா, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே? நாங்க ஓடி வந்திருப்போம்ல."

அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது என்று பிறகு படித்தபோது தெரிந்தது. ஆபத்தில் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்பதை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். எங்கள் அட்டவணையின் சிம்பதெடிக் கட்டம் அந்தச் சிந்தனையின் வழியில் வந்தது. அதில் இரண்டே வழிகள்தான். உறைந்து போவது என்ற மூன்றாவது வழிக்கு அங்கே கட்டம் இல்லை. தப்பிக்க வழியில்லை என்று மூளை முடிவுகட்டும்போது தசைகள் விறைத்து, குரல் அடங்கி, உடல் அசையாமல் போவது விலங்குகளில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். அறிவும் கண்ணும் விழித்திருக்கும், உடல் மட்டும் கேட்காது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பின் அவசரப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டுப் பதிவுசெய்த ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் வன்முறை நடந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்து போனதாகச் சொல்லியிருந்தார்கள். அதாவது உறைந்து போனவர்களே பெரும்பான்மை.

நம் நாட்டில் 1972-இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள் வன்முறைக்கு ஆளானாள். 1978-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை, ஆகவே எதிர்த்துப் போராடியதாகச் சொன்னதை நம்ப முடியாது என்பது தீர்ப்பின் முக்கியமான வாதம். அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிந்து போவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்று அதில் வாதிட்டார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்ற வாசகம் சட்டத்தில் ஏற இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2013 திருத்தத்தில் வந்த அந்த வாசகம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது.

ஆனால் சட்டம் நீதிமன்றத்துக்குப் போகும் முன் ஒரு மருத்துவரின் மேசையைத் தாண்டிப் போகிறது. காயங்களைக் குறிக்க உடல் வரைபடம் உள்ள படிவம் அந்த மேசையில் இருக்கும். காயம் ஏதும் இல்லை என்ற வரியைச் சட்டென்று எழுதிவிடலாம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்கள் இதைத்தான் எச்சரிக்கின்றன. காயம் இல்லாததை வைத்து வன்முறை நடக்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது, மிரட்டலாலோ மயக்கத்தாலோ அவளால் எதிர்க்க முடியாமல் போயிருக்கலாம், மருத்துவர் அதை விளக்க வேண்டும் என்பது அதன் சாரம். உறைந்து போனதாக அவள் சொன்னால் அதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். "ஒத்துழைத்தாள்", "எதிர்ப்புக் காட்டவில்லை" என்று நம் சொல்லில் சுருக்கினால், பல மாதங்கள் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தச் சொல்லைத்தான் உரக்கப் படிப்பார்.

நாங்கள் இருவரும் இப்போது பயிற்சி மருத்துவர்கள். எங்கள் ஜூனியர்களுக்கு அட்டவணையைச் சொல்லிக் கொடுக்கும்போது தோழி கீழே ஒரு வரிசை சேர்த்துவிடுகிறாள். உறுப்பு என்ற இடத்தில் "குரல்" என்று எழுதுவாள். பக்கத்தில் இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, "இதுக்கு ரிசெப்டர் கேட்காதீங்க. அவ சொல்றதைக் கேளுங்க" என்பாள்.