வேற டிகிரியோட கணினி விஞ்ஞானம் படிக்கப் போகிறவர்களுக்கு

எங்கட வாசிப்பு வட்டத்தில் இப்ப அடிக்கடி வருகிற கதை ஒன்று இருக்கிறது. உயிரியல் படித்தவர், வர்த்தகம் படித்தவர், தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்தவர் எல்லாரும் கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம். அதற்கென்றே 'கன்வேர்ஷன்' முதுமாணி என்று ஒரு வகைக் கற்கைநெறி இருக்கிறது. ஆனால் போவதற்கு முன்னம் எதைப் படித்துக்கொண்டு போகவேணும் என்பதில்தான் நாங்கள் பலரும் தவறான பக்கம் பார்க்கிறோம்.

முதலில் பெயரைக் கவனிக்கவேணும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வெறும் 'கொம்பியூட்டர் சயன்ஸ்' எம்.எஸ்ஸி என்பது வேறு துறைப் பட்டதாரிகளுக்கானது. 'அட்வான்ஸ்ட்' என்று முன்னால் ஒட்டியிருப்பது ஏற்கெனவே கணினி படித்தவர்களுக்கு. எல்லா இடத்திலும் பெயர் இப்படி ஒழுங்காக இருக்காது. அதனால் அனுமதித் தகைமைப் பகுதியை வாசிக்காமல் விண்ணப்பக் காசு கட்டவேண்டாம்.

அடுத்தது, பாலம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது. அமெரிக்காவில் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் 'அலைன்' கற்கைநெறியில் பாலம் உள்ளேயே இருக்கிறது. பைத்தனில் நிரலாக்க அடிப்படை, டிஸ்கிரீட் மெத்ஸ், ஜாவாவில் பொருள்சார் வடிவமைப்பு, சி மொழியோடு தரவுக் கட்டமைப்பும் அல்கோரிதமும் என்று படிப்பித்த பிறகுதான் வழமையான முதுமாணிப் பாடங்களுக்குள் விடுவார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எம்.சி.ஐ.டி.யில் பத்துப் பாடங்கள். அதில் ஆறு இதே மாதிரியான அடித்தளப் பாடங்கள்தான். பிரித்தானியாவில் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்தில் 180 கிரெடிட்டும் முடியவேணும். அங்கே பாலம் கட்ட நேரம் இல்லை. நிரலாக்கமும் அல்கோரிதமும் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடும். ஆக, பாலத்தை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறவர்தான் தப்புவார்.

எதைக் கொண்டு போவது? எல்லாரும் பைத்தன் வீடியோ பார்க்கத் தொடங்குகிறார்கள். அது தேவைதான். ஆனால் ஆட்கள் விழுகிற இடம் அந்த அடித்தளப் பாடங்களில் கணிதமாக இருக்கிற ஒன்று. அந்தக் கணிதத்துக்கும் கோட்டுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்ப்போம். ஒரு நிகழ்வுக்குப் பதிவு செய்தவர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. யாராவது இரண்டு தரம் பதிந்திருக்கிறார்களா?

```python
def has_dup(a):
    n = len(a)
    for i in range(n):
        for j in range(i + 1, n):
            if a[i] == a[j]:
                return True
    return False
```

இதை எழுத இரண்டு கிழமைப் பயிற்சி போதும். பரீட்சையில் வருகிற கேள்வி வேறு: ஒருத்தரும் இரண்டு தரம் பதியாவிட்டால் எத்தனை ஒப்பீடு நடக்கும்? முதல் ஆளை மற்ற n-1 பேரோடும் ஒப்பிடுகிறோம், இரண்டாம் ஆளை n-2 பேரோடு, இப்படியே ஒன்று வரைக்கும். கூட்டினால் n(n-1)/2. பத்துப் பேருக்கு 45. ஆயிரம் பேருக்கு 499,500. ஒரு இலட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட ஐந்நூறு கோடி. பட்டியல் இரண்டு மடங்கானால் வேலை நாலு மடங்காகும். இலக்கங்களை ஒரு `set` இல் போட்டு, ஒவ்வொன்றையும் சேர்க்க முன் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்தால், ஒரு இலட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட ஒரு இலட்சம் தரம் பார்த்தாலே காணும்.

அந்தக் கூட்டுத்தொகை எல்லா n இற்கும் சரியென்று நிறுவச் சொன்னால் கணிதத் தொகுத்தறிவு வேணும். சோடிகளை எண்ணுவதற்குச் சேர்மானம் வேணும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்களுக்கு இரண்டும் பழசு. உயிரியல், கலை, வர்த்தகப் பிரிவுகளில் வந்தவர்களுக்குப் புதுசு. நல்ல விசயம் என்னவென்றால், அந்தப் புத்தகம் தமிழிலேயே எங்கட வீடுகளில், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில், தூசி பிடித்துக் கிடக்கும். நுண்கணிதத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு அந்த இரண்டு அலகுகளையும் எடுங்கோ. தருக்கமும் தொடைகளும் அதற்கு மேலால் வேணும்.

ஆயத்தமாகிவிட்டோமா என்று அறிய நாங்கள் எங்களுக்குள் ஒரு சோதனை வைத்துக்கொள்கிறோம். வெறும் ஃபைல் ஒன்றைத் திறந்து, மேலே உள்ளது போல ஒன்றைப் பார்க்காமல் எழுதவேணும். ஓட்டுவதற்கு முன்னம், n இரண்டு மடங்கானால் நேரம் எவ்வளவு கூடும் என்று பேப்பரில் எழுதிவைக்கவேணும். பிறகு ஓட்டிப் பார்க்கவேணும். வீடியோ பார்க்கும்போது எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும் ஆள், வெறும் ஃபைலுக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு தேத்தண்ணி போட எழும்பிப் போவார். அப்ப இன்னும் காலம் இருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்று, மொழி. அலைனில் பைத்தன், ஜாவா, சி என்று மூன்றும் வரும். எம்.சி.ஐ.டி.யில் ஜாவாவும், கணினி முறைமைப் பாடத்தில் சி-யும் வரும். பைத்தனில் மட்டும் பழகினவருக்கு ஜாவாவில் ஒவ்வொரு மாறிக்கும் வகையை எழுதுவது எரிச்சல், ஆனால் சில நாளில் பழகிவிடும். சி-யில் பொயின்டர் அப்படியில்லை. நினைவகத்தில் ஒரு முகவரியும் அந்த முகவரியில் இருக்கிற பெறுமதியும் வேறு வேறு என்பது கையால் பெட்டி பெட்டியாகக் கீறிப் பார்த்தால்தான் பிடிபடும். போக முன் கடைசி மாதத்தை அதற்கு ஒதுக்கலாம்.