நான்கு மணி நேரமும் ஐந்து நாளும்

தம்பி, கம்பெனி எச்.ஆரிடமிருந்து வீட்டில் செய்து அனுப்பும் அசைன்மென்ட் வந்தால், கீபோர்டில் கை வைக்கும் முன் அந்த மெயிலை இரண்டு தடவை படி. பரீட்சையில் கேள்வித்தாளோடு மதிப்பெண் பங்கீட்டையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி அது.

இப்படி ஒரு மெயில் வந்ததாக வைத்துக்கொள்: "ஓர் ஆண்டின் ஆர்டர்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை இணைத்துள்ளோம். மாதவாரி விற்பனைத் தொகையைத் தரும் சிறிய ஏபிஐ எழுதுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். 5 நாட்களுக்குள் கிட் ரெப்போ இணைப்பை அனுப்புங்கள். விடை சரியா, கோடிங் தெளிவா, டெஸ்ட் உண்டா, README விளக்கம் போதுமா என்று பார்ப்போம். தோற்றத்துக்கு மதிப்பெண் இல்லை."

இதில் இரண்டு கெடு இருக்கிறது. 5 நாள் என்பது உன் வசதிக்கு. இப்போதைய வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கிக்கொள்ளத்தான். 4 மணி நேரம் என்பது வேலையின் அளவு. ஐந்து நாளும் உட்கார்ந்து லாகின் பக்கம், கலர் கலராக வரைபடம் என்று சேர்ப்பவர்கள் உண்டு. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. பிழை வர இடம்தான் கூடும்.

முதல் அரை மணி நேரம் கோப்பைத் திறந்து பார். ஒரே ஆர்டர் எண் இரண்டு தடவை வந்திருக்கலாம். ரத்தான ஆர்டரும் கலந்திருக்கலாம். 03/04 என்பது மார்ச்சா, ஏப்ரலா என்று தெரியாமல் போகலாம். ரத்தானதைக் கூட்டுவதா என்ற சந்தேகத்தை முதல் நாளே கேட்டு எழுது. கேட்பதால் மதிப்புக் குறையாது. பதில் வராவிட்டால் நீயே ஒன்றை முடிவு செய்து, "ரத்தான ஆர்டர்களைச் சேர்க்கவில்லை, காரணம் இது" என்று README-ல் எழுதிவிடு.

அடுத்த இரண்டு மணி நேரம் கோடிங். பிறகு ஒரு மணி நேரம் டெஸ்ட்: ரத்தானது, இரட்டிப்பானது, விற்பனையே இல்லாத மாதம் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கடைசி அரை மணி நேரம் README. எப்படி இயக்குவது, எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று அதில் இருந்தால் போதும்.

அனுப்பும் முன் உன் ரெப்போவை வேறொரு ஃபோல்டரில் `git clone` செய்து, README சொல்வதை மட்டும் பின்பற்றி இயக்கிப் பார். "என் மெஷினில் ஓடுகிறதே" என்ற தகராறு பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். பாஸ்வேர்டு உள்ள `.env` கோப்பு உள்ளே போயிருந்தாலும் இப்போது கண்ணில் படும்.

மெயிலில் நேர அளவோ, எதைப் பார்ப்பார்கள் என்பதோ இல்லையென்றால் கேட்டு வாங்கு. அடுத்த சுற்றில் இதே கோடிங்கைத் திறந்து வைத்து, "இப்போது வாரவாரியாக மாற்றுங்கள்" என்று சொல்லக்கூடும். அதனால் உன்னால் விளக்க முடியாத ஒரு வரியைக்கூட உள்ளே வைக்காதே.