20 ரூபாய்த் தாளில் ஒரு மா நிலம்

கீழ்வேளூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிற என்னிடம் கிழிந்த பத்திரம், கறையான் அரித்த பத்திரம், மழையில் ஊறி மை கலைந்த பத்திரம் எல்லாம் வரும். அவற்றைப் பார்த்து நான் கலங்குவதில்லை. பதிவு எண்ணும் வருஷமும் தெரிந்தால் சார்பதிவகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கிவிடலாம். எண் தெரியாவிட்டாலும் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துத் தேடிப் பார்க்க வழி உண்டு. வயிற்றைக் கலக்குவது வேறு ஒரு தாள். மடிப்புக் கலையாமல் லேமினேஷன் போட்டு, மஞ்சள் பைக்குள் பத்திரமாக வரும். 20 ரூபாய் முத்திரைத்தாள், சிவப்பில் வட்டமாக நோட்டரி முத்திரை, கீழே இரண்டு சாட்சி. “இன்று முதல் மேற்படி நிலத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் இல்லை” என்று அழகான எழுத்தில் இருக்கும்.

பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர் அப்படியொரு தாளோடு வந்தார். ஒரு மா நிலம், அதாவது நூறு குழி, இன்றைய கணக்கில் சுமார் 33 சென்ட். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டார். விற்றவர் நல்ல மனிதர், அன்றே நிலத்தையும் விட்டுவிட்டார். அதிலிருந்து அக்காதான் நாற்று விட்டு, நட்டு, அறுக்கிறார். ஆனால் பட்டா விற்றவர் பெயரிலேயே கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல் போடும்போதும் அவருடைய சிட்டாவைத்தான் காட்டிவந்தார்கள். அவர் இருந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இறந்தார். மனைவி, இரண்டு மகன்கள், திருத்துறைப்பூண்டியில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். பட்டா வாரிசுகள் பெயருக்கு மாறியது. நிலத்துக்கு வேறு ஒரு ஆள் விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தபிறகுதான் அக்கா என்னைத் தேடி வந்தார்.

“நோட்டரி சீல் இருக்கே தம்பி, வக்கீல் கையெழுத்து இருக்கே?”

“சீல் இருக்குக்கா. ஆனா அது அவரு கையெழுத்துப் போட்டாருங்கறதுக்குத்தான். நிலம் கைமாறிச்சுங்கறதுக்கு இல்ல.”

நோட்டரி என்ன செய்கிறார் என்று பாருங்கள். எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையைப் பார்க்கிறார், சத்தியம் வாங்குகிறார், கையெழுத்தைச் சான்றளித்துத் தம் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார். 1952-ஆம் வருஷத்து நோட்டரிகள் சட்டம் அவருக்குக் கொடுத்த வேலை அந்த வகையானது. நிலம் சொன்னவருடையதா, அடமானத்தில் இருக்கிறதா, நேற்றே இன்னொருவருக்கு விற்றாயிற்றா என்று துருவிப் பார்ப்பது அவர் வேலையில்லை. பிரமாண வாக்குமூலம் என்பது ஒருவர் தம் வாயால் சொல்வது. பத்திரத்தில் முருகையன், ஆதாரில் முருகேசன், இருவரும் ஒருவரே என்று சொல்ல அது நன்றாகவே பயன்படும். நிலத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோகும் சக்தி அதற்கில்லை.

அந்தச் சக்தி எதற்கு உண்டு என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொல்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்பதானால் பதிவு செய்த ஆவணத்தால் மட்டுமே விற்க முடியும். அந்தக் காலத்து 100 ரூபாய் வரம்பு இன்றும் மாறவில்லை, ஆகவே இன்று எந்த நிலமும் அதற்குள் அடங்காது. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இன்னொரு கதவையும் அடைக்கிறது. பதிய வேண்டிய ஆவணத்தைப் பதியாவிட்டால், அது அந்தச் சொத்தைத் தொடவே தொடாது. 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது அதிகாரம், ஒப்பந்தம், உயில் என்று சேர்த்து வைத்து நிலத்தை ‘விற்கும்’ வழக்கத்தை விற்பனையே அல்ல என்றது. 2025-இல் டெல்லி வீடு ஒன்றின் வழக்கில், அப்பா எழுதிக்கொடுத்ததாக ஒரு மகன் காட்டிய கட்டில் பிரமாண வாக்குமூலமும் பண ரசீதும்கூட இருந்தன. உரிமை மாறவில்லை என்றே அதிலும் தீர்ப்பு.

சட்டம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது? பதிவு நடக்கும் இடத்தில் நின்றால் காரணம் தெரியும். விற்பவரும் வாங்குபவரும் புகைப்படம் எடுத்து, விரல் ரேகை வைத்து, சார்பதிவாளர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் ஆவணத்தின் பிரதி அலுவலகத்து 1-ஆம் புத்தகத்தில் ஏறுகிறது. பெயராலும் சர்வே எண்ணாலும் தேடினால் கிடைக்கும்படி அட்டவணையில் நிற்கிறது. நாளைக்கு யார் வில்லங்கச் சான்று போட்டாலும் அது கண்ணில் படும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்துக் கூரைகளைப் பிய்த்துப் போட்டபோது பெட்டியோடு பத்திரத்தைத் தொலைத்தவர்களுக்கு அந்தப் பிரதி இருந்தது. நோட்டரித் தாளை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு எழுதியதும் போயிற்று, எழுதினார் என்ற சாட்சியும் போயிற்று.

அக்காவின் கையில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். அந்தத் தாளை விற்பனை ஒப்பந்தத்துக்கான சான்றாகக் காட்டி, பத்திரம் எழுதிக்கொடுக்கச் சொல்லி வழக்குப் போடலாம். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்று ஆனபிறகும், அப்படி வழக்குப் போடப் பதியாத ஒப்பந்தத்தைப் பார்க்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கெடு மூன்று வருஷம். பத்திரம் எழுதித்தர ஒப்பந்தத்தில் தேதி போட்டிருந்தால் அன்றிலிருந்து, இல்லையென்றால் எழுதித்தர மாட்டேன் என்று அவர்கள் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து. அக்காவின் தாளில் அப்படித் தேதி எதுவும் இல்லை, நல்லவேளை. நிலம் அவர் சாகுபடியில் இருப்பதும் ஒரு பலம். புதிதாக வாங்க வருகிறவர் “எனக்குத் தெரியாது” என்று சொல்வது கடினம். முத்திரைத் தீர்வை குறைந்திருக்கிறது என்று எதிர்த்தரப்பு கிளப்பினால் தண்டமும் கட்ட வேண்டியிருக்கும். இதெல்லாம் நாகப்பட்டினத்துக்கு வருஷக்கணக்கில் நடக்கும் வேலை.

அதனால் வழக்கை விட்டு வாரிசுகளிடம் போகச் சொன்னேன். பழைய தாளை அப்படியே இப்போது பதிந்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். முடியாது. எழுதி நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், தண்டம் கட்டினால் இன்னும் நான்கு மாதம், அவ்வளவுதான். புதிய கிரயப் பத்திரம்தான் வழி. தாலுகாவில் வாரிசுச் சான்று எடுத்து, மகளையும் சேர்த்து நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். மகள் கையெழுத்தை விட்டுவிட்டு எழுதும் பத்திரம்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் வழக்காகிறது. அவர்களின் தகப்பனார் பணம் முழுதும் பெற்றதையும், நிலம் அன்றே ஒப்படைக்கப்பட்டதையும் பத்திரத்தின் உடலில் எழுத வேண்டும்.

செலவுக்குப் பயந்துதான் எல்லாரும் நோட்டரித் தாளுக்கு ஓடுகிறார்கள். மதிப்பு 3 லட்சம் என்று வைத்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 21,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 6,000. பெண் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் கட்டணம் 1 சதவீதம்தான், எனவே அக்காவுக்கு மொத்தம் 24,000. என் எழுத்துக்கூலி தனி.

கோயில் மனையில் குடியிருப்பவர்களின் கதை வேறு. அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தைப் பதிவுச் சட்டத்தின்படிப் பதிய முடியாது. அதனாலேயே அங்கே தாளில் கைமாற்றுகிறார்கள். அந்தத் தாள் வாங்கியவர் வீட்டுச் சுவரை வாங்கியிருக்கலாம், தரையை வாங்கவில்லை.

அக்காவுக்கு மூன்று கையெழுத்து வந்துவிட்டது. இளைய மகன் மட்டும் கூடுதலாகக் கேட்கிறான். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருந்தால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்த மாதமே அவரைச் சார்பதிவகத்துக்கு அழைத்துப் போங்கள். இப்போது ஒரு கையெழுத்தோடு முடியும்.