எல்.ஐ.சி. ஏன் நிஃப்டி 50-இல் இல்லை

பங்குத் தரகு நிறுவனமொன்றின் ஆய்வுப் பிரிவிலிருந்து ஓய்வு பெறும்போது, என் இடத்துக்கு வந்த பையன் கேட்டான்: "மார்க்கெட் கேப் திரையிலேயே வந்துடுதே சார், இதுல வேலைன்னு என்ன இருக்கு?" கேட்டது உறைத்தது. அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

எல்.ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். செலுத்திய மூலதனம் சுமார் 6,325 கோடி, முகமதிப்பு 10 ரூபாய். ஆக 632.5 கோடிப் பங்குகள். 2022 மே மாதம் வெளியிட்ட விலை 949. பெருக்கினால் 6 லட்சம் கோடி. ஆம்ஃபி பார்ப்பது இந்த முழு மதிப்பைத்தான். அதன் ஆறுமாதச் சராசரியில் முதல் 100-க்குள் வருபவை லார்ஜ் கேப். எல்.ஐ.சி. தாராளமாக வரும். நிஃப்டியோ 2009 ஜூனிலிருந்து ஃப்ரீ ஃப்ளோட்டை மட்டுமே எண்ணுகிறது. வெளியீட்டுக்குப் பிறகும் அரசு கையில் 96.5 சதவீதம். மிஞ்சிய 3.5 சதவீதத்தின் மதிப்பு சுமார் 21,000 கோடிதான். உள்ளே நுழைய, அங்கிருக்கும் மிகச் சிறிய நிறுவனத்தின் ஃப்ளோட்டைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். திரையில் மலைபோல் தெரிவது வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அந்த ஃப்ளோட்டைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர், காலாண்டுப் பங்குதாரர் பட்டியலை வரிவரியாக வாசிக்கச் சொல்வார். "பப்ளிக்னு போட்டிருந்தா பப்ளிக் ஆயிடுமாடா? யார் பேர்ல இருக்குன்னு பாரு" என்பார். புரமோட்டர் 55, பொது 45 என்று ஒரு பட்டியல் சொல்கிறது என்று வையுங்கள். அந்த 45-க்குள் தொழில் கூட்டாளி நிறுவனம் ஒன்று வியூக முதலீடாக 8 வைத்திருக்கும். இன்னொரு 3 லாக்-இன்னில் கிடக்கும். இரண்டையும் கழித்தால் 34. மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடியானால் ஃப்ளோட் 45,000 கோடியல்ல, 34,000 கோடி. தேவை 42,000 கோடியாக இருந்தால், அவசரக்காரன் கணக்கில் நிறுவனம் உள்ளே. சரியான கணக்கில் வெளியே. அவனை நம்பி முன்கூட்டியே பங்கை வாங்கியவர், இண்டெக்ஸ் ஃபண்டுகள் வந்து வாங்கும் என்று வீணாகக் காத்திருப்பார்.

முகமதிப்பும் அப்படித்தான். 2 ரூபாய்ப் பங்கை 10 என்று எடுத்தால் பங்கு எண்ணிக்கை ஐந்தில் ஒன்றாகிவிடும். பெரியவர் பென்சிலால் முதலில் வட்டமிடுவது அந்த எண்ணைத்தான்.

இப்போது வரும் அறிக்கைகளில் 100-இலிருந்து புரமோட்டரைக் கழித்ததே ஃப்ளோட் என்று போகிறது. பட்டியலைத் திறந்து பார்த்த சுவடே இல்லை. கேட்டால், மென்பொருள் கொடுத்தது என்கிறார்கள். கூட்டாளியின் பெயர் அதே பட்டியலில், ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்போர் வரிசையில், அச்சாகித்தான் இருக்கிறது.